65 டெஸ்ட் என்றால் எத்தனை டெஸ்ட்?

‘65 பரிசோதனைகள்! 6,200 ரூபாய் மதிப்புள்ள முழு உடல் செக்கப், இப்போது வெறும் 2,499 ரூபாய்க்கு!* உங்கள் இதயம் சொல்லிவிட்டு நிற்காது. நாளை என்று தள்ளிப்போட்டால் நாளையே இல்லாமல் போகலாம்!’

காலை நாளிதழுக்குள் செருகி வரும் வழவழப்பான தாளில் இப்படித்தான் இருக்கும். பின்னணியில் சிவப்பு நிறத்தில் ஓர் இ.சி.ஜி. கோடு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரியும் ஒருவர், பக்கத்தில் அழும் குழந்தை. இது எந்த ஒரு மருத்துவமனையின் தாளும் அல்ல. திருத்திக் கொடுக்கச் சொல்லி என்னிடம் வரும் பிரசுரங்களில் அடிக்கடி தென்படும் வரிகளைச் சேர்த்து நானே அமைத்த மாதிரி. இதை எப்படித் திருத்துவது என்று வரிவரியாகப் பார்ப்போம். மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டுமல்ல, இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு போகலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்கும் இது பயன்படும்.

பிரசுரம் திருத்துவது என்றால் ஒற்றுப்பிழை பார்ப்பது என்றே பலர் நினைக்கிறார்கள். அது கடைசி வேலை. படிப்பவருக்குத் தெரிய வேண்டியவை மூன்று. என்னென்ன பார்ப்பார்கள்? நான் எப்படித் தயாராகி வர வேண்டும்? கையில் எவ்வளவு பணம் கொண்டுவர வேண்டும்? மாதிரித் தாளின் முன்பக்கத்தில் இந்த மூன்றுக்கும் பதில் இல்லை. 65 என்ற எண் இருக்கிறது. அது பதில் மாதிரித் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

அந்த 65 எங்கிருந்து வந்தது என்று முதலில் கேட்க வேண்டும். கேட்க வேண்டிய ஆள் மார்க்கெட்டிங் மேலாளர் அல்ல, லேப் பொறுப்பாளர். அவர் ஒரு ரிப்போர்ட்டை எடுத்து நீட்டுவார். அதில் உள்ள ஒவ்வொரு வரியையும் ஒரு டெஸ்டாக எண்ணியிருப்பது அப்போது தெரியும். முழு ரத்த அணுக்கள் பரிசோதனைக்கு ஒரு குழாய் ரத்தம் எடுத்து இயந்திரத்தில் வைப்பார்கள். ஹீமோகுளோபின், சிவப்பணு, வெள்ளையணு, அவற்றின் வகைகள், தட்டணு என்று ஏறக்குறைய 20 எண்கள் ஒரே ஓட்டத்தில் வந்துவிடும். சிறுநீரில் நிறம், தெளிவு, அடர்த்தி, புரதம், சர்க்கரை, சீழ் அணு என்று 14 வரி. ஆக, ஒரு குழாய் ரத்தத்திலும் ஒரு டப்பா சிறுநீரிலும் 34 ‘பரிசோதனை’ முடிந்துவிட்டது.

கொழுப்புப் பரிசோதனையில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். ரிப்போர்ட்டில் 7 வரி இருக்கும். பல லேப்களில் அளப்பது மூன்றைத்தான்: மொத்தக் கொழுப்பு, எச்.டி.எல்., டிரைகிளிசரைடு. மற்றவை கணக்குப் போட்டு வருபவை. மொத்தக் கொழுப்பு 200, எச்.டி.எல். 45, டிரைகிளிசரைடு 150 என்று வைத்துக்கொள்ளுங்கள். 150-ஐ ஐந்தால் வகுத்தால் 30, அதுதான் வி.எல்.டி.எல். 200-லிருந்து 45-ஐயும் 30-ஐயும் கழித்தால் 125, அதுதான் எல்.டி.எல். 1972 முதல் புழக்கத்தில் உள்ள ஃப்ரீட்வால்ட் சூத்திரம் இது. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. கணக்குப் போடுவதில் தவறு எதுவும் இல்லை, மருத்துவருக்கு அந்த எண்கள் தேவைதான். ஆனால் ஒரு கழித்தலைத் தனிப் பரிசோதனை என்று விளம்பரத்தில் எண்ணுவது நியாயமில்லை. கல்லீரல் பகுதியில் 11 வரி, சிறுநீரகத்தில் 5, சர்க்கரையில் 4, தைராய்டுக்கு ஒன்று. இ.சி.ஜி., நெஞ்சு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன் மூன்றையும் சேர்த்தால் 65 வந்துவிடும்.

திருத்திய தாளில் அந்த எண் இருக்காது. பதிலாக இப்படி எழுதலாம்:

‘இதில் 10 பரிசோதனைகள் உள்ளன. ரத்தம் இரண்டு முறை எடுப்போம்: வெறும் வயிற்றில் ஒருமுறை, சாப்பிட்ட பின் ஒருமுறை. அதில் பார்ப்பவை: ரத்த அணுக்கள், சர்க்கரை (வெறும் வயிறு, சாப்பிட்ட பின், மூன்று மாதச் சராசரி), கொழுப்பு, கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு (டி.எஸ்.எச். மட்டும்). இவற்றுடன் சிறுநீர்ப் பரிசோதனை, இ.சி.ஜி., நெஞ்சு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன். எல்லா முடிவுகளும் வந்த பிறகு பொது மருத்துவர் ஒருவர் உங்களோடு உட்கார்ந்து விளக்குவார்.’

‘டி.எஸ்.எச். மட்டும்’ என்ற குறிப்பு முக்கியம். தைராய்டு என்று மட்டும் போட்டால் டி3, டி4 எல்லாம் உண்டு என்று நினைத்து வருபவர் ரிசப்ஷனில் சண்டை போடுவார். அவர் சண்டை போடுவது சரியும்கூட. அதேபோல் ‘டி.எம்.டி. அல்லது எக்கோ’ என்று எழுதியிருந்தால், எதை எடுப்பது என்பதை யார் முடிவு செய்வது என்பதும் அடுத்த வரியில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பின்னால், எது இதில் இல்லை என்று ஒரு வரி: ‘டி.எம்.டி., எக்கோ, மேமோகிராம், வைட்டமின் பரிசோதனைகள் இதில் சேராது.’ இந்த வரியைக் கண்டால் மார்க்கெட்டிங் மேலாளர் முகம் சுளிப்பார். நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பேக்கேஜ்களுக்கு வைக்கும் பெயர்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்பவை நகைக்கடைக்குப் பொருந்தும்; அவற்றைப் பார்த்து எதில் என்ன அதிகம் என்று யாருக்கும் தெரியாது. தனியாரை மட்டும் சொல்ல முடியாது. 2016-இல் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் தொடங்கிய அம்மா முழு உடல் பரிசோதனைத் திட்டமே கோல்டு, டைமண்ட், பிளாட்டினம் என்றுதான் 1,000, 2,000, 3,000 ரூபாய்க்கு வந்தது. ‘அடிப்படை’, ‘அடிப்படை + இதயம்’ என்று பெயர் வைத்தால் பெயரே பாதி விளக்கத்தைச் சொல்லிவிடும்.

டெஸ்ட் எண்ணிக்கையை விளம்பரமாக்குவதை நான் எதிர்ப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. ரிப்போர்ட்டில் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ‘இயல்பு அளவு’ என்று ஒன்று போட்டிருக்கும். பெரும்பாலான எண்களுக்கு அந்த எல்லையை வகுப்பது, ஆரோக்கியமான 100 பேரில் 95 பேரின் அளவு எதற்குள் வருகிறது என்பதை வைத்துத்தான். மீதி 5 பேர் நோயாளிகள் அல்ல, ஓரத்தில் நிற்பவர்கள். இப்போது ஒருவருக்கு, ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகள் செய்வதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் எந்த நோயும் இல்லாத 100 பேரில் ஏறக்குறைய 64 பேருக்கு ஏதாவது ஓர் எண்ணாவது தடித்த எழுத்தில் அச்சாகி வரும். ரிப்போர்ட்டில் உள்ள பல எண்கள் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால் நடைமுறையில் இது கொஞ்சம் குறையலாம். ஆனாலும் ‘அதிக டெஸ்ட், அதிகப் பாதுகாப்பு’ என்ற வாசகம் நிற்காது. அதிக டெஸ்ட் எடுத்தால் அதிகமாக வருவது பெரும்பாலும் தடித்த எழுத்து. பிறகு திரும்ப ஒரு டெஸ்ட், இன்னொரு ஸ்கேன், இரண்டு வாரத் தூக்கம். அதனால் பிரசுரத்திலேயே ஒரு வரி சேர்க்கச் சொல்வேன்: ‘ஓர் எண் இயல்பு அளவுக்குச் சற்று மேலோ கீழோ இருந்தால் அது நோய் என்று பொருளில்லை. மருத்துவரிடம் பேசாமல் இணையத்தில் தேடிக் கவலைப்பட வேண்டாம்.’

தயாரிப்புப் பகுதிக்கு வருவோம். என் அனுபவத்தில் அதிகம் சொதப்புவது இதுதான். மாதிரித் தாளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் நான்கு வரிகள்: ‘12 மணி நேரம் எதுவும் உட்கொள்ளாமல் வரவும். சிறுநீர் கழிக்காமல் வரவும். சிறுநீர் மாதிரி கொடுக்கவும். மருந்துகளைத் தவிர்க்கவும்.’ இதை எழுதியவர் ஒருமுறைகூடத் தானே இந்தப் படிகளைச் செய்து பார்த்திருக்க மாட்டார்.

‘எதுவும் உட்கொள்ளாமல்’ என்றால் தண்ணீரும் கூடாது என்று பெரியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நாக்கு வறண்டு வந்து உட்கார்கிறார்கள். ரத்தக் குழாய் சிக்காமல் இரண்டு மூன்று இடத்தில் குத்த வேண்டியதாகிறது. தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். கூடாதது காபி, டீ, பால், ஜூஸ், வெற்றிலை பாக்கு, சிகரெட். 12 மணி நேரமும் தேவையில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரைக்குக் குறைந்தது 8 மணி நேரம் போதும். கொழுப்புப் பரிசோதனையைச் சாப்பிட்ட பிறகே எடுக்கலாம் என்று ஐரோப்பிய மருத்துவ அமைப்புகள் 2016-இலேயே சொல்லிவிட்டன. 12 என்று எழுதினால், ‘கூட இருந்தால் இன்னும் நல்லது’ என்று மாலை ஆறு மணிக்கே சாப்பாட்டை முடித்துவிட்டு மறுநாள் பத்து மணிக்கு வருபவர்கள் உண்டு. மணிக்கணக்கைப் படிப்பவரிடம் விடாமல் கடிகார நேரத்தையே எழுதிவிடலாம்: ‘முதல் நாள் இரவு 9 மணிக்குள் வழக்கமான சாப்பாட்டை முடித்துவிடுங்கள். காலை 7 மணிக்கு வாருங்கள்.’

‘மருந்துகளைத் தவிர்க்கவும்’ என்பதை அப்படியே விடக் கூடாது. அது ஆபத்தான வரி. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு வந்தால் அளவு எகிறி நிற்கும். அதைப் பார்த்து அவரும் பயப்படுவார், மற்றவர்களும் பயப்படுவார்கள். சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் இதற்கு நேர் எதிர்: அவற்றை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு வந்தால் வரிசையில் நிற்கும்போதே சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கி மயக்கம் வரலாம். ஆக ஒரே வரி இரண்டு பேருக்கும் பொருந்தாது. மருத்துவமனையின் பொது மருத்துவரைக் கேட்டு எழுதிய வரிகள் இப்படி இருக்கலாம்: ‘ரத்த அழுத்த மாத்திரையை வழக்கம்போல் காலையில் தண்ணீருடன் போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் இரண்டையும் கையோடு கொண்டுவாருங்கள்; முதல் ரத்தம் எடுத்து, காலை உணவு சாப்பிடும் நேரத்தில் எடுத்துக்கொள்ளலாம். வேறு எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். சந்தேகம் இருந்தால் முதல் நாளே போன் செய்யுங்கள்.’

சிறுநீர் விஷயத்தில் தாள் தனக்குத்தானே முரண்படுகிறது. மாதிரி கொடுக்க வேண்டுமாம், கழிக்காமலும் வர வேண்டுமாம். வயிற்று ஸ்கேனில் கர்ப்பப்பை, புராஸ்டேட், சிறுநீர்ப்பை தெளிவாகத் தெரிய சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும். அதே ஸ்கேனுக்கு வயிறும் காலியாக இருக்க வேண்டும். சாப்பிட்டதும் பித்தப்பை சுருங்கிவிடும், உள்ளே கல் இருந்தால் பார்ப்பது கடினம். ஆகவே இதை விதிகளாக எழுதாமல் வரிசையாக எழுத வேண்டும். வந்தவுடன் ரத்தம், சிறுநீர் மாதிரி. அதன்பின் நான்கு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு இ.சி.ஜி., எக்ஸ்ரே. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஸ்கேன். ஸ்கேன் முடிந்ததும் காலை உணவு. முதல் வாய் சாப்பிட்ட நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து இரண்டாவது ரத்தம். சாப்பிட்டு முடித்த நேரத்திலிருந்து கணக்கிடுபவர்கள் நிறையப் பேர், அதனால் ‘முதல் வாய்’ என்றே அச்சிட வேண்டும்.

இந்த வரிசையை எழுதிப் பார்த்தால் மருத்துவமனைக்கே ஓர் உண்மை புலப்படும். ஸ்கேன் மருத்துவர் பத்தரை மணிக்குத்தான் வருவார் என்றால், ஏழு மணிக்கு ரத்தம் கொடுத்த சர்க்கரை நோயாளி அதுவரை பட்டினி. பிரசுரத்தை எவ்வளவு அழகாக எழுதினாலும் அதைச் சரிசெய்ய முடியாது. ஸ்கேன் நேரத்தைத்தான் மாற்ற வேண்டும், அல்லது சர்க்கரை நோயாளிகளை முதலில் அனுப்ப வேண்டும். திருத்துபவர் கேட்கும் கேள்வியால் நடைமுறையே மாறுவது உண்டு. ‘மொத்தம் ஐந்து மணி நேரம் ஆகும், மதியத்துக்குள் முடியும்’ என்ற வரியும் வேண்டும். அரை நாள் லீவு போதுமா, முழு நாள் போட வேண்டுமா என்று பார்ப்பவருக்கு அதுதான் முதல் தகவல். பெண்களுக்கு இரண்டு வரி: மாதவிடாய் நாட்களில் சிறுநீரில் ரத்த அணு தெரியும் என்பதால் வேறு தேதி கேளுங்கள், கர்ப்பமாக இருக்கலாம் என்று தோன்றினால் எக்ஸ்ரேவுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

விலைக்கு வருவோம். 6,200 என்று போட்டு அடித்துவிட்டு 2,499. இந்த 6,200-ஐ எப்படிக் கூட்டினீர்கள் என்று பில்லிங் பிரிவில் கேட்பேன். ஒவ்வொரு பரிசோதனைக்கும் அங்கே தனியாக வாங்கும் கட்டணங்களின் கூட்டுத்தொகை அவ்வளவு வந்தால், கட்டணப் பட்டியலைக் காட்டி வைத்துக்கொள்ளட்டும். வராவிட்டால் அந்த எண்ணை எடுத்துவிட வேண்டியதுதான். பக்கத்தில் இருக்கும் நட்சத்திரக் குறியும் வில்லங்கம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வெளியிட்ட தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்களின்படி, விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில் நிபந்தனைக் குறிப்பும் இருக்க வேண்டும். மேலே தமிழில் கொட்டை எழுத்தில் விலை, கீழே ஆங்கிலத்தில் எறும்பு அளவில் நிபந்தனை என்பது அந்த விதியையே மீறுகிறது. நட்சத்திரத்தை எடுத்துவிட்டு அது மறைத்ததை வெளியில் எழுதினால் இப்படி வரும்:

‘கட்டணம் 2,499 ரூபாய். மேலே உள்ள 10 பரிசோதனைகள், ஒருமுறை பொது மருத்துவர் ஆலோசனை, காலை உணவு எல்லாம் இதில் அடங்கும். சிறப்பு மருத்துவரைப் பார்க்க வேண்டியிருந்தால் தனிக் கட்டணம். ஏதாவது பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தால், கட்டணத்தை முன்கூட்டியே சொல்லி, உங்கள் சம்மதம் பெற்ற பிறகே செய்வோம்.’

சில தாள்களில் ‘5,000 ரூபாய் வரிச் சலுகை’ என்றும் இருக்கும். வருமான வரியின் பழைய முறையில், நோய்த்தடுப்புப் பரிசோதனைக்குச் செலவிட்ட தொகையில் 5,000 ரூபாய் வரை, மருத்துவக் காப்பீட்டுக்கான உச்சவரம்புக்குள்ளேயே, வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள இடம் உண்டு. கழிவது வருமானத்தில்தான், வரியில் அல்ல. 2,499 ரூபாய் செலவழித்து 20 சதவீத வரி கட்டுபவருக்கு மிச்சம் ஏறத்தாழ 500 ரூபாய். புதிய முறையைத் தேர்ந்தவருக்கு இந்தச் சலுகை இல்லை. இவ்வளவையும் தாளில் விளக்க இடமில்லாததால் அந்த வரியையே எடுத்துவிடச் சொல்வேன்.

கடைசியாக, அந்தப் பயம். ‘சார், பயம் இல்லாட்டி யாரு சார் செக்கப்புக்கு வருவாங்க?’ என்று மார்க்கெட்டிங்கில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், அவர்களுக்கும் மாத இலக்கு இருக்கிறது. ஆனால் பயத்தில் வருபவருக்கு எதை வாங்குகிறோம் என்று பார்க்கத் தோன்றாது. தவிர, அந்த வாசகம் சொல்லும் வாக்குறுதியை மருத்துவம் தாங்காது. அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்குப் பொதுவாகச் செய்யும் உடல் பரிசோதனைகள் இறப்பைக் குறைக்கின்றனவா என்று இரண்டரை லட்சம் பேர் பங்கேற்ற ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் அமைப்பு 2019-இல் வெளியிட்ட முடிவு: பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை போன்றவற்றைத் தனியாகப் பார்த்துக்கொள்வதில் பயன் உண்டு. ‘இந்தத் தாளை மடித்து வைத்தால் உயிர் போய்விடும்’ என்ற தொனிக்குத்தான் ஆதாரம் இல்லை.

புற்றுநோயை வைத்துப் பயமுறுத்துவது இன்னும் மோசம். பெண்களுக்கான தொகுப்புகளில் ‘கருப்பைப் புற்றுநோயை ஒரு துளி ரத்தத்தில் கண்டுபிடியுங்கள்’ என்று சி.ஏ.125 பரிசோதனையைச் சேர்க்கிறார்கள். முதலில், அது பார்ப்பது கருப்பையை அல்ல, பெரும்பாலும் சினைப்பையை. மாதவிடாய், நார்த்திசுக் கட்டி, எண்டோமெட்ரியோசிஸ், வயிற்றுக் காசநோய் எதிலும் அது கூடலாம். புற்றுநோய் தொடக்கத்தில் கூடாமலும் இருக்கலாம். அறிகுறி இல்லாத பெண்களுக்கு இதைப் பொதுப் பரிசோதனையாகச் செய்யப் பரிந்துரை இல்லை. அதைத் தொகுப்பிலிருந்து நீக்குவது திருத்துபவரின் அதிகாரத்தில் இல்லை. மருத்துவ நிர்வாகியிடம் கேள்வியாக எழுதிக் கொடுப்பது அவர் கடமை.

முன்பக்கத்தில் அழும் குழந்தையும் சிவப்புக் கோடும் போன இடத்தில் இவ்வளவு போதும்: ‘உங்களுக்கு 30 வயதுக்கு மேல் ஆகியும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்ததே இல்லையா? அதிலிருந்து தொடங்கலாம். அவை இரண்டை மட்டும் பார்த்தால் போதும் என்றால் இந்தத் தொகுப்பு தேவையில்லை; ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.’ இப்படி அச்சிட எந்தத் தனியார் மருத்துவமனை ஒத்துக்கொள்ளும் என்று கேட்பீர்கள். இரண்டாவது பாதியைப் பெரும்பாலும் வெட்டிவிடுவார்கள். முதல் பாதி நிற்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கையை மட்டும் நான் பெரிய எழுத்தில் கேட்டு வாங்குவேன். ‘நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீரென ஒரு பக்கம் கை கால் தளர்வது, பேச்சுக் குழறுவது இருந்தால் செக்கப்புக்குத் தேதி வாங்க வேண்டாம். உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள் அல்லது 108-ஐ அழையுங்கள்.’ நெஞ்சு வலிப்பவர் ‘அடுத்த ஞாயிறு பேக்கேஜ் போட்டிருக்கேன்’ என்று காத்திருப்பதுதான் உண்மையான ஆபத்து. இதய ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தும், படுத்த நிலையில் எடுக்கும் இ.சி.ஜி. இயல்பாக வருவது உண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு வலியை அலட்சியம் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

அச்சுக்கு அனுப்பும் முன் பரிசோதனைப் பட்டியலில் லேப் பொறுப்பாளரும், தயாரிப்பு வரிகளில் மருத்துவரும், விலையில் பில்லிங் பிரிவும் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். அதற்குப் பிறகு ரிசப்ஷனில் போன் எடுப்பவரிடம் ஒரு பிரதியைக் கொடுங்கள். ‘மாத்திரை போட்டுக்கிட்டு வரலாமா, தண்ணி குடிக்கலாமா, மொத்தம் எவ்வளவு ஆகும்’ என்று தினமும் கேட்கப்படுபவர் அவர்தான். அவர் கேட்டுக்கேட்டுப் பழகிய கேள்விகளுக்குத் தாளில் பதில் இல்லையென்றால் அந்தத் தாளை அச்சுக்கு அனுப்பாதீர்கள். அப்படிப்பட்ட தாள் உங்கள் வீட்டுக்கு வந்தால், பணம் கட்டும் முன் போன் செய்து இந்த மூன்றையும் கேட்டுவிடுங்கள்.